கெபசிட்டபீன் குளிசை தொடங்கியவர்களுக்கு: உள்ளங்கை, உள்ளங்கால் பராமரிப்பு வழிகாட்டி

புற்றுநோய்க்குக் கெபசிட்டபீன் குளிசை எழுதிக்கொடுத்து, வீட்டில் வைத்துக் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்களா? இது உங்களுக்கும், உங்கள் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும். என் அக்கா தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். வயது 46. பெருங்குடலில் ஒப்பரேஷன் முடிந்து இந்தக் குளிசையைத்தான் குடித்தார். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் இரண்டு நிமிடத்தில் சொன்னதை வைத்துக்கொண்டு நாங்கள் மிகவும் தடுமாறினோம். அப்புறம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, வலித்து, தோல் உரிவது இந்தக் குளிசையின் பக்கவிளைவு. குடிப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு அளவில் வரும். இது தொற்றாது. புற்றுநோய் பரவிவிட்டது என்றும் அர்த்தமில்லை. நேரத்தோடு கவனித்தால் பெரும்பாலும் சிகிச்சையை முழுவதுமாக நிறுத்த வேண்டி வராது. பிந்தினால் புண்ணாகிவிடும்.

1. முதல் குளிசைக்கு முன்பே இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள்

குளிசை வழக்கமாக 14 நாள் குடித்து 7 நாள் ஓய்வு. இந்த 21 நாள் சேர்ந்ததுதான் ஒரு சுற்று. காலையிலும் இரவிலும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் தண்ணீரோடு குடிக்க வேண்டும். அக்காவுக்கு 500 மில்லிகிராம் குளிசை காலையில் 3, இரவில் 3 என்று எழுதியிருந்தார்கள். உங்கள் அளவு உங்கள் உயரம், எடையைப் பொறுத்தது. இன்னொருவருடையதோடு ஒப்பிட வேண்டாம்.

கிளினிக் கொப்பியில் டொக்டரிடம் எழுதி வாங்க வேண்டிய முதல் விஷயம், கை கால் வலித்தால் எந்த நிலையில் குளிசையை நிறுத்த வேண்டும் என்பது. இரண்டாவது, எந்த இலக்கத்துக்கு, எத்தனை மணிக்குள் அழைக்க வேண்டும் என்பது. கண்டி, பதுளை, மகரகம எங்கே கிளினிக் என்றாலும் நமக்குத் தூரம்தான். ஹட்டன் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போய்வர ஒரு முழு நாள் போய்விடும். அடுத்த கிளினிக் நாள் வரும்வரை பொறுத்துக்கொள்வோம் என்று நினைக்க வைப்பது இந்தத் தூரம்தான். அதனால்தான் அந்த இலக்கம் முதலிலேயே கையில் இருக்க வேண்டும்.

அதே நாளில், நீங்கள் குடிக்கும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். போலிக் அமிலம் சேர்ந்த சத்துக் குளிசைகள் கெபசிட்டபீனின் பக்கவிளைவைக் கூட்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குடிப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். உடம்பு தேறட்டும் என்று உறவினர்கள் வாங்கித் தரும் சத்து மருந்துப் போத்தல்களுக்கும் இது பொருந்தும்.

2. சிவப்பை மட்டும் தேடாதீர்கள்

எங்கே கேட்டாலும் கை சிவக்கும் என்றுதான் சொல்வார்கள். நம் மாதிரி மாநிறமும் கறுப்புமான தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். அதற்குப் பதிலாக உள்ளங்கை கறுக்கும். ரேகைகளும் விரல் மடிப்புகளும் இன்னும் கறுத்து, தோல் பளபளவென்று இறுகினாற்போல் தெரியும். கொழுந்துக் கறை ஏறிய கையில் இதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

அதனால் தொடுகையை நம்புங்கள். உள்ளங்கையில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் வழக்கத்தை விட அதிகமாகச் சுடுகிறதா, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் நோகிறதா என்று தினமும் இரவில் கேளுங்கள். அக்காவுக்கு முதலில் மாறியது கொழுந்து கிள்ளும் பெருவிரலும் சுட்டுவிரலும்தான். பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் சட்டைப் பொத்தானைப் போடும்போது விரலை இழுத்துக்கொண்டார்.

குளிசை தொடங்கிய நாளிலேயே பகல் வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்கையையும் இரண்டு உள்ளங்காலையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் சில நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுங்கள். தொடக்கப் படத்தோடு வைத்துப் பார்த்தால் டொக்டருக்கு மாற்றம் உடனே புரியும்.

பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் தொடங்கும். சிலருக்குப் பல மாதம் கழித்தும் வரும். முதல் சுற்றில் வரவில்லை என்று கவனிப்பை விட்டுவிட வேண்டாம்.

3. குளிரில் கூசுவதா, சூட்டில் எரிவதா என்று பிரித்துப் பாருங்கள்

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி மிக முக்கியம். குடல் புற்றுநோய்க்குச் சிலருக்குக் கெபசிட்டபீன் குளிசையோடு ஒக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தையும் ஊசி வழியாக ஏற்றுவார்கள். அந்த மருந்தும் கை காலில்தான் வேலையைக் காட்டும். ஆனால் அது நரம்பைத் தாக்குவது. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டாலோ, விடியற்காலைப் பனியில் வெளியே போனாலோ விரல் மின்சாரம் பட்டாற்போல் கூசும். தொண்டையும் இறுகும். மருந்து ஏற்றிய முதல் சில நாட்களில் இது அதிகமாக இருக்கும்.

கெபசிட்டபீனால் வரும் வலிக்குச் சூடும் அழுத்தமும் உரசலும் எதிரி. போகப் போகத் தோலில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றமும் பெரும்பாலும் இருக்கும். எரிகிற கைக்குக் குளிர்ந்த ஈரத்துணி போட்டால் இதமாக இருக்கும். ஆனால் ஒக்ஸாலிபிளாட்டினும் ஏற்றிக்கொள்பவர் அதைச் செய்யக் கூடாது. உங்களுக்குக் குளிசை மட்டுமா, ஊசி மருந்தும் உண்டா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் உண்டென்றால் குளிர்ந்த ஒத்தடம் வேண்டாம், வெளியே போகும்போது கையுறை போடுங்கள், மிதமான தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

ஒரு காலில் மட்டும், விரல் இடுக்கில் அரிப்போடு உரிந்தால் அது சேற்றுப்புண்ணாக இருக்கலாம். குளிசையால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும்.

4. தினசரிப் பராமரிப்பு

*கிரீம்.* 10 சதவீதம் யூரியா சேர்ந்த கிரீம் என்று மருந்துக்கடையில் கேளுங்கள். குளிசை தொடங்கும் நாளிலேயே இதையும் தொடங்க வேண்டும். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். காலை, மத்தியானம், இரவு என மூன்று தடவை பூசுங்கள். கை கழுவினால் திரும்பவும் பூசுங்கள். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை கிரீமைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். இரண்டு உள்ளங்கைக்கும் சேர்த்து அப்படி ஒரு அளவு, ஒவ்வொரு உள்ளங்காலுக்கும் ஒரு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை கிராம், ஒரு நாளைக்கு நாலரை கிராம் ஆகிறது. 21 நாள் சுற்றுக்கு 100 கிராம் டியூப் ஒன்று போதும். செலவைக் கணக்குப் பண்ண இது உதவும். இரண்டு டியூப் வாங்கி ஐந்து மாதம் ஓட்டப் பார்த்தால் பூசாத மாதிரிதான்.

தேய்க்க வேண்டாம், ஒற்றியெடுத்துப் பரப்புங்கள். எண்ணெய் போட்டு அழுத்திப் பிடித்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்பாகத்தான் செய்வார்கள். ஆனால் இந்த வலிக்கு உரசல் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. வெடித்துத் திறந்திருக்கும் இடத்தில் யூரியா கிரீம் பூசினால் எரியும். அங்கே வெறும் வாசலின் போதும். இரவில் வாசலினைப் பூசி, தளர்வான பருத்திக் காலுறை போட்டுப் படுத்தால் காலையில் தோல் மிருதுவாக இருக்கும்.

*தண்ணீர்.* நுவரெலியா, ஹட்டன் குளிரில் சுடுதண்ணி இல்லாமல் குளிக்க முடியாது. சரி, குளியுங்கள். ஆனால் முழங்கையை விட்டுப் பார்த்துச் சூடே தெரியாத அளவுக்கு விளாவிக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்கு உணர்வு மாறியிருக்கும், அதை நம்பிச் சூடு பார்க்க வேண்டாம். நேரத்தையும் குறையுங்கள். உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைப்பது வேண்டவே வேண்டாம். அடுப்புக்கு முன்னால் குந்தி உள்ளங்கையை நெருப்புக்குக் காட்டிக் குளிர்காய்வதும் அப்படித்தான். போர்வை போர்த்திக்கொள்ளுங்கள்.

*கால்.* விரலிடுக்கில் வார் போகும் ரப்பர் செருப்பு அந்த இடத்தை அறுக்கும். அகலமான, அடிப்பகுதி மெத்தென்ற, ஒரு அளவு பெரிய சப்பாத்தும் பருத்திக் காலுறையும் நல்லது. லயத்துப் படிகளிலும் சரிவிலும் இறங்கும்போது உடம்புப் பாரம் முழுவதும் முன்னங்காலில் விழும். ஏறுவதை விட இறங்குவதுதான் பாதத்துக்குக் கேடு. ஒரு நாளில் எத்தனை தடவை இறங்குகிறீர்கள் என்பதைக் குறைக்கப் பாருங்கள். அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளும் வழக்கம் இந்த மாதங்களில் வேண்டாம். சவர்க்காரம் தோலை உலர்த்தும், வெடிப்பில் எரியும். நீளக் காலுறை போடுங்கள். மழையில் நனைந்த காலுறையை உடனே மாற்றுங்கள்.

*கை.* தேங்காய் திருவுவது, ரொட்டி மா பிசைவது, கல்லில் துணி துவைப்பது, விறகு கொத்துவது, கொச்சிக்காய் அரைப்பது ஆகிய ஐந்தையும் வேறொருவர் செய்யட்டும். எல்லாவற்றிலும் கை இறுக்கிப் பிடிக்கிறது அல்லது உரசுகிறது. கொச்சிக்காயும் சவர்க்காரத் தூளும் வெடிப்புக்குள் போனால் இரவெல்லாம் தூங்க முடியாது. பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை போடுவதென்றால் உள்ளே பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரப்பருக்குள் வியர்த்துச் சூடேறும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போவதும் கைக்கு வேலைதான். கிளினிக் நாளில் ஸ்டாண்டில் ஏறி இடம் பிடியுங்கள்.

5. வலி ஜெல் வாங்கும்போது கவனம்

டைக்ளோபினாக் 1 சதவீத ஜெல்லைக் கையில் பூசினால் இந்தப் பிரச்சினை குறைகிறது என்று டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் நடந்த ஆய்வு காட்டியது. 264 நோயாளிகள் அதில் இருந்தார்கள். ஜெல் பூசியவர்களில் 3.8 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் 15 சதவீதத்தினருக்கும் நடுத்தரம் அல்லது கடுமையான நிலை வந்தது. நாளுக்கு இரண்டு தடவை, 12 வாரம், தோல் நன்றாக இருக்கும்போதே தொடங்கிப் பூசினார்கள். கொப்பியைக் காட்டி, இது எனக்குச் சரிவருமா என்று டொக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறோ, குடற்புண்ணோ, வலிக் குளிசைகளுக்கு ஒவ்வாமையோ உள்ளவர்கள் அதையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் டைக்ளோபினாக் ஜெல் என்று கேட்டால் மென்தோல், மெதில் சாலிசிலேட் கலந்த ஜெல்லும் கிடைக்கும். அவை தோலை உறுத்தி எரியவைக்கும். பெட்டியில் டைக்ளோபினாக் மட்டும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அதே காரணத்துக்காக, நம் வீடுகளில் எல்லா நோவுக்கும் எடுக்கும் தைலங்களையும் உள்ளங்கையில் பூச வேண்டாம்.

விட்டமின் பி6 குளிசை இதற்கு நல்லது என்று பலர் சொல்வார்கள். ஆய்வுகளில் பயன் தெரியவில்லை. அந்தக் காசைக் கிரீமுக்கு வையுங்கள்.

6. எப்போது குளிசையை நிறுத்தி அழைக்க வேண்டும்

வைத்தியர்கள் இதை மூன்று படியாகப் பார்க்கிறார்கள். முதல் படியில் நிறம் மாறும், கூசும், லேசாக உரியும். ஆனால் வலி இல்லை, வேலை எதுவும் தடைப்படவில்லை. குளிசையைத் தொடரலாம், பராமரிப்பைக் கூட்ட வேண்டும். இரண்டாம் படியில் வலி இருக்கும். பொத்தான் போடவோ, சமைக்கவோ, நடந்து கடைக்குப் போகவோ கஷ்டமாகும். மூன்றாம் படியில் கொப்புளம், புண், இரத்தக் கசிவு இருக்கும். குளிக்க, சாப்பிட, நடக்கவே முடியாது.

இரண்டாம் படி தொடங்கிய அன்றே குளிசையை நிறுத்திவிட்டு அந்த இலக்கத்துக்கு அழையுங்கள். மிச்சம் நான்கு நாள்தானே, முடித்துவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குடிப்பவர்கள்தான் மூன்றாம் படிக்குப் போகிறார்கள். நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் வரும், அக்காவுக்கும் வந்தது. பக்கவிளைவுக்காக டொக்டர் சொல்லிக் குளிசையை இடையில் நிறுத்துவதும் அளவைக் குறைப்பதும் இந்த மருந்தைக் கொடுக்கும் முறையிலேயே அடங்கியவை.

அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது சுற்றின் 9ஆம் நாள் பெருவிரலும் குதிகாலும் வலித்து, தேத்தண்ணிக் கோப்பையைத் துணி சுற்றித்தான் பிடித்தார். அன்றிரவுக் குளிசையைக் குடிக்கவில்லை. காலையில் அழைத்தோம், கொப்புளம் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டுவிட்டு, அடுத்த சுற்று வரை நிறுத்தச் சொன்னார்கள். வலி ஒரு வாரத்தில் தணிந்தது. தோல் உரிவது மட்டும் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் இருந்தது. இரண்டாம் படி முதல் தடவை என்பதால் நான்காவது சுற்றை அதே அளவில் தொடங்கினார்கள். அதிலும் வலி வந்தபோது அளவை முக்கால்வாசியாக்கினார்கள். காலையில் 500 குளிசை இரண்டும் 150 குளிசை ஒன்றும், இரவிலும் அதே. அப்புறம் மிச்சச் சுற்றுகளை அந்த அளவில் முடித்தார். மூன்றாம் படிக்குப் போயிருந்தால் முதல் தடவையிலேயே குறைத்திருப்பார்கள்.

500ஐயும் 150ஐயும் மொத்தமாக ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். பெட்டியைப் படித்துப் பார்த்து, அன்றைக்குக் காலையில் குடிக்க வேண்டியதை ஒரு டப்பாவிலும், இரவில் குடிக்க வேண்டியதை இன்னொரு டப்பாவிலும் எண்ணி வையுங்கள்.

நிறுத்தியதால் மிஞ்சும் குளிசைகள் இன்னொரு பொறி. விட்டதைப் பிறகு சேர்த்துக் குடிக்கக் கூடாது. ஓய்வு வாரத்தில் மிச்சத்தை முடிக்கவும் கூடாது. எண்ணி, கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.

கை காலோடு சேர்ந்து வேறு சில அறிகுறிகள் வந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் போனால், ஒரு நாளில் வழக்கத்தை விட நாலு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றோட்டம் போனால், இரவிலும் வயிறு போனால், வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாவிட்டால், நெஞ்சு வலித்தால் குளிசையை நிறுத்தி அன்றே பக்கத்து அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நடு இரவென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கெபசிட்டபீன் குடிக்கிறார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முதல் சுற்றிலேயே, சில நாளிலேயே இவை கடுமையாக வந்தால் அது இன்னும் அவசரம். சிலருடைய உடம்பில் இந்த மருந்தை உடைக்கும் நொதி குறைவாக இருக்கும்.

7. கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள்

கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், கடைசி இரத்தப் பரிசோதனைத் தாள், அடையாள அட்டை, குளிசைப் பெட்டி. ஐந்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்தும் வையுங்கள். மழையில் நனைந்த கொப்பியில் பேனா எழுத்து நிற்காது.

அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். கையிருப்பு இல்லையென்றால் வெளியே வாங்கச் சொல்வார்கள். அப்போது மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை குளிசை என்பதெல்லாம் தெளிவாக எழுதிய சீட்டை வாங்குங்கள். காலை 3, இரவு 3 என்றால் 14 நாளுக்கு 84 குளிசை. கடையில் எண்ணிப் பார்த்து வாங்கி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் வைத்தியச் சான்றிதழில் ஓய்வு என்று மட்டும் எழுதி வாங்காமல், கையால் கிள்ளும் வேலையும் பாரம் தூக்கும் வேலையும் எந்தத் திகதி வரை கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். தோட்டத்தில் வேறு வேலை கேட்பதற்கு அந்த ஒரு வரி தேவை. கையைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், அதனால் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். கிளினிக்கில் வரிசை முடிந்து மருந்தும் வாங்கிய பிறகு கேட்டால் டொக்டர் எழுந்து போயிருப்பார். உள்ளே போனதும் முதலில் கேளுங்கள்.

8. கைரேகை

தோல் உரிந்து உரிந்து விரல் ரேகை மங்கிவிடலாம். சிலருக்கு முற்றாகவே தெரியாமல் போகும். குளிசை நின்ற பிறகு பெரும்பாலும் திரும்ப வரும். ஆனால் காலம் எடுக்கும். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க இருந்தால் கைரேகை எடுப்பார்கள் என்பதை மனதில் வைத்து, முடிந்தால் சிகிச்சைக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். முடியாவிட்டால், இந்த மருந்தால் ரேகை மங்கியிருக்கிறது என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒரு கடிதம் கிளினிக்கில் வாங்கிக்கொண்டு போங்கள். விரல் வைத்துத் திறக்கும் போனென்றால் இப்போதே இலக்கப் பூட்டுக்கு மாற்றி, அந்த இலக்கத்தை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். அவசர இலக்கமும் கை படங்களும் அந்தப் போனுக்குள்தான் இருக்கும்.